பாதி வீடு கிடைக்குமா?

கேள்வி: நானும் அவரும் திருமணம் செய்துகொள்ளாமல் ஒன்பது வருடமாக ஒன்றாக வாழ்கிறோம். வீவக வீடு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. வாங்கி ஏழு வருடமாகிறது. அப்போது ரெனவேஷனுக்கு 28,000 வெள்ளி கொடுத்தேன். மாதாமாதம் 900 வெள்ளி அவருக்கு அனுப்பி வருகிறேன். நான்கு வயதில் மகள் இருக்கிறாள். இப்போது பிரிகிறோம். பாதி வீடும் ஜீவனாம்சமும் எனக்கு உண்டுதானே?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: பாதி வீடு இல்லை. உங்களுக்கென்று ஜீவனாம்சமும் இல்லை. மகளுக்கு உண்டு.

'இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தால் சட்டம் மனைவியாகவே பார்க்கும்' என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? தமிழ்நாட்டு யூடியூப் வக்கீல்களாக இருக்கலாம். 2005-ல் வந்த இந்தியாவின் குடும்ப வன்முறைச் சட்டம் 'திருமணத்தைப் போன்ற உறவில்' இருந்த பெண்ணுக்கும் சில உரிமைகள் தருகிறது. அது சிங்கப்பூருக்குப் பொருந்தாது. இங்கே சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தருவது மாதர் சாசனத்தின் 112-ஆம் பிரிவு. அதற்கு முதலில் ஒரு திருமணம் இருந்திருக்க வேண்டும். ஒன்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் தொண்ணூறு வருடம் வாழ்ந்தாலும் கணக்கு ஒன்றுதான். மனைவிக்கான ஜீவனாம்சமும் அப்படியே.

அப்புறம், வீட்டுக்குப் போட்ட பணம். இது கொண்டோவாக இருந்தால் வாதாட இடம் இருந்திருக்கும். பெயர் பத்திரத்தில் இல்லாவிட்டாலும், வாங்கும்போது பணம் போட்டவருக்கு அந்த அளவுக்குப் பங்கு உண்டு என்கிற டிரஸ்ட் கோட்பாடு இங்கே உண்டு. ஒரு மில்லியன் வெள்ளி கொண்டோவுக்கு நீங்கள் 200,000 போட்டிருந்தால், பேச்சு ஐந்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கும். 'பாதிப் பாதி' என்று இருவரும் பேசி வைத்ததை நிரூபிக்க முடிந்தால் அதற்கு மேலும் போகலாம். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு ஒரு வழிமுறையே வகுத்துக் கொடுத்தது. கவனியுங்கள், அதிலும் வாங்கிய பிறகு ரெனவேஷனுக்குக் கொடுத்த பணம் தானாகப் பங்காகிவிடாது.

ஆனால் உங்களுடையது வீவக வீடு. அந்தக் கதவை வீடமைப்பு வளர்ச்சிச் சட்டமே சாத்தி வைத்திருக்கிறது. உரிமையாளராகப் பெயர் இல்லாத ஒருவர், 'நானும் பணம் போட்டேன்' என்று இந்த டிரஸ்ட் வழியாக அந்த வீட்டில் பங்குக்கு உரிமை பெற முடியாது. அவர் வீட்டை விற்றால், அதில் போட்ட மத்திய சேமநிதிப் பணம் வட்டியோடு அவருடைய கணக்குக்கே திரும்பும். மிச்சமும் அவருக்கே.

சரி, வீட்டை விடுங்கள். பணத்தைக் கடனாகக் கேட்கலாமா? கேட்கலாம், அது கடன் என்று காட்ட முடிந்தால். ஏழு வருடத்தில் மாதாமாதம் கொடுத்தது 75,600. ரெனவேஷனையும் சேர்த்தால் 103,600 வெள்ளி. அவர் தரப்பு வக்கீல் என்ன சொல்வார்? 'அன்பளிப்பு', அல்லது 'இருந்த வீட்டுக்கு வாடகை'. உங்கள் பேநவ் பதிவுகளை எடுத்து, குறிப்பில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 'ரென்ட்' என்று நீங்களே எழுதியிருந்தால் அவர் வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்தது. மாறாக, 'வீடு விற்றதும் உன் காசைக் கொடுத்துவிடுகிறேன்' என்று அவர் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி கிடைத்தால் அதுதான் உங்கள் தங்கம்.

இதிலும் கெடு ஓடுகிறது. ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்கு ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 'கேட்டபோது தருகிறேன்' என்று வாங்கிய கடனுக்குப் பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்தே கெடு ஓடும். அப்படிப் பார்த்தால் 28,000 வெள்ளியும் முதல் வருடத்து 10,800 வெள்ளியும் கை நழுவியிருக்கலாம். 'விற்றதும் தருகிறேன்' என்பதுதான் பேச்சு என்றால் கணக்கு வேறு. கடனை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டு எழுதித் தந்தாலும் கெடு புதிதாகத் தொடங்கும். எஞ்சும் தொகை 60,000-ஐத் தாண்டினால் மாவட்ட நீதிமன்றம், அதற்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

மகள் விஷயத்தில் மட்டும் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. பெற்றோர் மணமானவர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. பிள்ளையைப் பராமரிப்பது தாய், தகப்பன் இருவரின் கடமை. அவர் தர மறுத்தால் குடும்ப நீதிமன்றத்தில் விண்ணப்பியுங்கள். சாதாரணமாக 21 வயது வரை. படிப்பு, தேசிய சேவை போன்ற காரணங்களுக்கு அதற்கு மேலும் நீளும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மணமாகாதவர்கள் விஷயத்தில் அது தானாக ஏறாது, இருவரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், தகப்பன் அவர்தான் என்பதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். பாலர் பள்ளிக் கட்டணம், டாக்டர், சாப்பாடு, உடுப்பு என்று மூன்று மாத ரசீதுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு போங்கள். வீட்டுக் கோபத்தை அந்த விண்ணப்பத்தில் கலக்காதீர்கள்.