தொங்குவது கால் பங்கு, இழுபடுவது முழுச் சங்கிலி

அன்புள்ள ஐயா,
பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு ஒரு கணக்கு. வழவழப்பான மேசைமேல் ஒரு சங்கிலி. அதில் கால் பங்கு விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. கையை விட்டதும் முடுக்கம் என்ன? விடை g/4 என்று போட்டிருக்கிறது. தொங்குகிற பாகம் சும்மா கீழே விழத்தானே செய்கிறது, அப்படியானால் g வர வேண்டாமா? சங்கிலியின் எடையையும் நீளத்தையும் சொல்லாமல் விடை எப்படி வந்தது?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தொங்குகிற பாகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் g தான் வரும். ஆனால் அதன் மேல்முனையை மேசைமேல் கிடக்கும் மீதிச் சங்கிலி பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறையையும் எடையையும் ஒன்றாக நினைப்பதுதான் இங்கே சறுக்குமிடம். மேசைமேல் உள்ள பாகத்தின் எடையை மேசை தாங்கிவிடுகிறது. அதன் நிறையை யாராலும் தாங்க முடியாது. நகர வேண்டுமானால் அதையும் சேர்த்தே இழுத்தாக வேண்டும்.

எண் போட்டுப் பார்க்கலாம். சங்கிலி 0.8 கிலோ, நீளம் 1.2 மீட்டர், சீரானது. தொங்குவது 0.2 கிலோ, அதன் எடை 1.96 நியூட்டன். இழுக்கும் விசை இது ஒன்றுதான். இழுபடுவதோ 0.8 கிலோ முழுவதும். 1.96-ஐ 0.8-ஆல் வகுத்தால் 2.45, அதாவது g/4. மேலேயும் கீழேயும் அதே சங்கிலியின் நிறை வருவதால் அது அடிபட்டுப் போகிறது, பங்கு மட்டும் மிஞ்சுகிறது. தொங்கும் பங்கு f என்றால் a = f g.

விடை சரியா என்று பார்க்க விளிம்பில் உள்ள இழுவிசையைக் கணக்கிடுங்கள். மேசைமேல் உள்ள 0.6 கிலோவை 2.45 முடுக்கத்தில் நகர்த்த 1.47 நியூட்டன் வேண்டும். 1.96-இல் இதைக் கழித்தால் 0.49 மிச்சம், அது 0.2 கிலோவுக்குக் கொடுக்கும் முடுக்கமும் 2.45 தான். இழுவிசை தொங்கும் பாகத்தின் எடைக்குச் சமம் என்று எழுதிய மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சங்கிலியைக் கையால் பிடித்திருக்கும்வரைதான் அது உண்மை.

அப்புறம், மகளிடம் ஒன்று சொல்லுங்கள். 2.45 என்பது கையை விட்ட அந்தக் கணத்துக்கு மட்டும். சங்கிலி சரியச் சரிய தொங்கும் பங்கு கூடுகிறது, முடுக்கமும் கூடுகிறது. கடைசிக் கண்ணி விளிம்பைத் தாண்டும்போது அது g ஆகிவிடும். 2.45-ஐ மாறாத முடுக்கமாக எடுத்து மீதி 0.9 மீட்டருக்கு வேகம் கண்டுபிடித்தால் நொடிக்கு 2.1 மீட்டர் வரும். ஆற்றல் கணக்குப்படி v² = gL(1 − f²); இதில் நொடிக்கு சுமார் 3.3 மீட்டர். வித்தியாசம் சின்னதில்லை.

வீட்டு மேசையில் செய்து பார்த்து, சங்கிலி அசையவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்! உராய்வுக் கெழு மூன்றில் ஒன்று இருந்தாலே போதும், கால் பங்கு தொங்கியும் அது அப்படியே நிற்கும். இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிப் பாருங்கள். அது நழுவத் தொடங்குகிற நேரத்தில் தொங்கும் நீளத்தை மேசைமேல் உள்ள நீளத்தால் வகுத்தால், உங்கள் மேசைக்கும் அந்தச் சங்கிலிக்கும் இடையிலான உராய்வுக் கெழு ஏறக்குறைய கிடைத்துவிடும்.