முழங்கால் வலி: உறையை இறுக்கினால் குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 58. வலது முழங்காலில் தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் சொன்னார்கள். ‘நீ கேப்’ எனும் முழங்கால் துணி உறையை நாள் முழுவதும் போடுகிறேன். இரவில் ஹீட்டிங் பேட் வைத்தபடியே தூங்கிவிடுகிறேன். ஆனாலும் படி இறங்கும்போது வலிக்கிறது. இன்னும் இறுக்கமான பிரேஸ் வாங்கலாமா, டேப் ஒட்டலாமா?

மருத்துவர் பதில்: வாங்குவதற்கு முன், வலி எங்கே என்று ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். படி இறங்கும்போது மட்டும், முழங்கால் சில்லைச் சுற்றி வலித்தால், சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான பகுதியே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். நடக்கும்போதும் நிற்கும்போதும் உள்பக்கத்தில் வலித்தால், உடல் எடையைத் தாங்கும் உள்பக்கக் குருத்தெலும்பு தேய்ந்திருக்கலாம்.

நீங்கள் அணியும் துணி உறை இவ்விரண்டையும் திருத்துவதில்லை. அது வெதுவெதுப்பையும் மூட்டு பிடிமானத்தோடு இருக்கும் உணர்வையும் தருகிறது. அதனால் வலி சற்றுக் குறைவதும் உண்மைதான். ஆனால் மேலும் இறுக்கினால் கணுக்கால் வீங்குமே தவிர, வேறு பலன் இல்லை. உள்பக்கத் தேய்மானத்துக்கென்றே உள்ள, பக்கவாட்டில் கீல் வைத்த பிரேஸ், மூன்று இடங்களில் அழுத்தி, சுமையில் ஒரு பகுதியை வெளிப்பக்கம் மாற்றுகிறது. அதைக் காலை அளந்தே வாங்க வேண்டும், நடக்கும் நேரத்தில் அணிந்தால் போதும். வலி சில்லைச் சுற்றி மட்டும் இருப்பவருக்கு அதனால் பெரிய பலன் இராது.

உங்கள் வலி சில்லைச் சுற்றித்தான் என்றால், டேப்பைச் சோதித்துப் பார்க்கலாம். முதலில் பத்துப் படி இறங்கி, வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொள்ளுங்கள். இயன்முறை மருத்துவர் சில்லை உள்பக்கமாகச் சற்று நகர்த்தி டேப் ஒட்டியதும், அதே படிகளில் மறுபடி இறங்குங்கள். ஆறு என்றிருந்தது மூன்றானால் டேப் உங்களுக்கு உதவும். ஐந்தரைதான் என்றால் அதை விட்டுவிடுங்கள். தோல் அரித்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

வலி குறைந்த அந்த நேரத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உறை தசையைப் பலவீனமாக்கிவிடும் என்ற பயத்தைவிட, உறை இருக்கிறதே என்று பயிற்சியை விட்டுவிடுவதே எனக்குக் கவலை தருகிறது. மல்லாந்து படுத்து, இடது காலை மடக்கி, வலது காலை நீட்டியபடி ஓரடி உயரத்துக்குத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்துங்கள். இப்படிப் பத்து முறை, நாள்தோறும் இரண்டு வேளை. தொடையின் முன்தசை வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும்.

ஹீட்டிங் பேட் விறைப்பைத் தளர்த்தும். ஆகவே பயிற்சிக்கு முன் 15 முதல் 20 நிமிடங்கள், துணி மேல் வைத்துக்கொள்ளலாம். தேய்மானத்தை அது மாற்றாது. அதை வைத்தபடி தூங்குவதை இன்றே நிறுத்துங்கள். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். வலி நிவாரணக் களிம்பு தடவிய இடத்திலும் சூடு வைக்கக் கூடாது. மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்காமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.