அந்தி, மேசை விளக்கு, ஓர் அம்மாவின் முகம்

கேள்வி: எங்கள் வீவக நாலறை வீட்டில், அந்தி நேரத்தில் மேசை விளக்கும் ஜன்னல் வெளிச்சமும் மட்டும் இருக்க, அம்மா நாளிதழ் படிப்பதைப் படமெடுக்க முயல்கிறேன். விளக்கின் ஷேடு வெள்ளையாக வெளிறிவிடுகிறது. அதைக் காப்பாற்ற வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தால், பிறகு முகத்தைத் தூக்கும்போது பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் வருகின்றன. டிம்மர் வைத்து விளக்கைக் குறைத்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: டிம்மர் ஏன் உதவவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். ஷேடும் அம்மாவின் முகமும் ஒரே பல்பினால்தான் ஒளி பெறுகின்றன. ஆகவே பல்பைப் பாதியாகக் குறைத்தால் இரண்டும் ஒன்றாகப் பாதியாகும். அவற்றுக்கு இடையிலான வேறுபாடு இம்மியும் மாறாது. மாறுவது விளக்குக்கும் ஜன்னலுக்கும் இடையிலான வேறுபாடு மட்டுமே. உங்களை வாட்டும் இரண்டு தொல்லைகளுக்கும் வேர் முதல் வேறுபாட்டில்தான் இருக்கிறது. அதைக் கேமராவின் அமைப்புகளைத் தொடுவதற்கு முன்பே, மேசையருகில் குறைக்க வேண்டும்.

தோ பாயோவில் என் அத்தையின் வீட்டில் இதே காட்சியை நான் எடுத்தபோது, ஷேடையும் முகத்தையும் தனித்தனியே ஸ்பாட் மீட்டரால் அளந்தேன். அத்தை விளக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அமர்ந்திருந்தார். ஷேடு அவர் முகத்தைவிட 7 ஸ்டாப் பிரகாசமாக இருந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரட்டிப்பதால், அது நூறு மடங்குக்கும் மேலான வேறுபாடு. கேமராவின் மீட்டர் இலக்காகக் கொள்ளும் நடுச்சாம்பல் நிறத்துக்கு மேலே பெரும்பாலான கேமராக்கள் ஏறத்தாழ மூன்று ஸ்டாப் அளவுக்கே விவரத்தைத் தாங்கும். அதற்கு மேல் சென்றது ரா கோப்பிலும் திரும்பக் கிடைக்காது.

முதலில் விளக்கை நகர்த்தி, முகத்துக்கும் பல்புக்கும் இடையே அரை மீட்டர் மட்டும் இருக்குமாறு வைத்தோம். தொலைவு பாதியானால் ஒளி நான்கு மடங்காகும் என்பது சிறு பல்புக்குப் பொருந்தும் கணக்கு. ஷேடு அகலமானது என்பதால் நடைமுறையில் கிடைத்தது ஒன்றரை ஸ்டாப். அடுத்து, பழுப்பு நிற உறைத்தாளை அரைவட்டமாக வளைத்து, ஷேடின் உட்புறத்தில் கேமராவைப் பார்க்கும் பக்கத்தில் மட்டும் பொருத்தினேன். அத்தை இருந்த பக்கம் திறந்தே இருந்ததால் அவர் முகத்துக்கு வரும் ஒளி குறையவில்லை. கேமராவுக்குத் தெரியும் ஷேடு மட்டும் இரண்டு ஸ்டாப் மங்கியது. ஏழாக இருந்த வேறுபாடு மூன்றரையாகிவிட்டது. (எல்இடி பல்பாக இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். ஹாலஜன் பல்பின் சூட்டில் தாள் கருகும், தீப்பற்றவும் கூடும்.) மேசைமீது விரித்த நாளிதழும் தாடைக்கடியில் ஒளியை எதிரொளிப்பதால், அம்மா அதைக் கையில் உயர்த்திப் பிடிக்காமல் மேசையில் வைத்தே படிக்கட்டும்.

முகத்தைப் பகல் வெளிச்சத்தில் இருப்பதுபோல் காட்டத் தேவையில்லை. அந்தி அறையில் முகம் நடுச்சாம்பலைவிட ஒரு ஸ்டாப் கீழே இருந்தால்தான் இயல்பாகத் தெரியும். அப்படி வைத்தபோது ஷேடு நடுச்சாம்பலுக்கு இரண்டரை ஸ்டாப் மேலே நின்றது. துணியின் நெசவுகூடப் படத்தில் தெரிந்தது. கேமராவில் f/2, 1/50 நொடி, ஐஎஸ்ஓ 800. இங்கு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 நொடியில் எடுத்தால் படத்தில் பட்டை விழும் வாய்ப்பு குறைவு. மலிவான டிம்மர்கள் வேறு வேகத்தில் துடிப்பதால், அவற்றுடன் இந்தக் கணக்கு பொய்த்துப்போகலாம்.

ஷேடு வெளிறியதா என்பதைச் சோதிக்கப் பொதுவான ஹிஸ்டோகிராமை நம்பாதீர்கள். மஞ்சள் ஒளியில் முதலில் நிரம்புவது சிவப்பு வண்ணம்தான். மூன்று வண்ணங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். ஆரஞ்சு நிற ஷேடின் நடுவே தட்டையான மஞ்சள் திட்டு கூரிய விளிம்போடு தெரிந்தாலும் அதே நோய்தான்.

இனி ஜன்னல். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் 7 மணியை ஒட்டியே மறைகிறது; அதன்பின் வானொளி நீடிப்பது ஏறத்தாழ 22 நிமிடம். அந்தச் சிறு பொழுதுக்குள், தெளிந்த வானத்தின் ஒளி சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் வீதம் விழுகிறது. அன்று சூரியன் மறைந்தது 7.12 மணிக்கு. 7.20க்கு ஜன்னல் முகத்தைவிட இரண்டரை ஸ்டாப் கூடுதலாக இருந்தது. விளக்கு ஏற்றியதே வீண் என்று தோன்றியது. 7.26க்கு அரை ஸ்டாப் மட்டுமே கூடுதல், அறையும் வானமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 7.32க்கு எதிர்ப்புளோக்கின் நடைபாதை விளக்குகள் மட்டும் புள்ளிகளாகத் தெரிந்தன. நல்ல படம் கிடைத்தது 7.24க்கும் 7.28க்கும் இடையில்தான். மேகம் மூடிய நாளில் இந்தப் பொழுது சில நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். டிம்மருக்கு வேலை வருவதும் இங்கேதான்: விளக்கைச் சற்றுக் குறைத்து ஐஎஸ்ஓவைக் கூட்டினால், ஜன்னலோடு சமநிலை சில நிமிடம் பின்னால் தள்ளிப்போகும். ஜன்னல் கண்ணாடியில் விளக்கின் பிம்பம் விழுந்தால் கண்ணாடியைத் திறந்துவிடுங்கள்.

புள்ளிகளைப் பற்றி. உங்கள் தொல்லை ஐஎஸ்ஓவால் வந்ததன்று. மூன்று நான்கு ஸ்டாப் இருட்டாக எடுத்துப் பிறகு தூக்கியதால் வந்தது. சென்சாரில் விழுந்த ஒளி குறைவாக இருந்தால், தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்தே எழும். சரியான வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 1600இல் எடுத்த படம், ஐஎஸ்ஓ 400இல் இருட்டாக எடுத்துத் தூக்கிய படத்தைவிடத் தூய்மையாக இருப்பதை நீங்களே பார்க்கலாம். இன்னொரு காரணம் வெள்ளைச் சமநிலை. விளக்கின் 2700 கெல்வின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. அதை முழுதாக வெண்மையாக்க மென்பொருள் நீலத்தைப் பெருக்கும்போது, அந்த வண்ணத்தின் இரைச்சலும் பெருகும். 3600 கெல்வினை ஒட்டி நிறுத்தினால் விளக்கு பொன்னிறமாகவும் ஜன்னல் நீலமாகவும் இருக்கும், புள்ளிகளும் அடங்கும்.

அதன்பின் மென்பொருளில் வண்ண இரைச்சலை மட்டும் நீக்குங்கள். ஒளி இரைச்சலை அப்படியே விடுங்கள், அல்லது மிகச் சிறிதளவே குறையுங்கள். சுவரின் இருண்ட மூலையில் மிஞ்சும் ஒரே சீரான சாம்பல் துகள்தான் பழைய ஃபிலிமின் கிரெயினைப்போல் கண்ணுக்கு இதமாக இருப்பது. அதையும் துடைத்தால் தோல் பிளாஸ்டிக்காகிவிடும். கைப்பேசியின் நைட் மோடு செய்வது பெரும்பாலும் அதைத்தான். கைப்பேசியில் எடுப்பதானால் புரோ மோடில் ரா கோப்பாக எடுங்கள்.

முந்தைய நாள் மாலையிலேயே அம்மாவின் நாற்காலியில், தலை வரும் உயரத்தில் ஒரு பழுப்பு நிற மண்பானையை வைத்து எல்லாவற்றையும் அளந்துவிடுங்கள். தாளின் இடம், விளக்கின் தொலைவு, கேமராவின் எண்கள் எல்லாம் அதற்குள் முடிவாகிவிட்டால், மறுநாள் அந்த நான்கு நிமிடமும் அம்மாவுக்கு மட்டும் மிஞ்சும்.