முழுநேர வேலை கேட்டு மெயில் போட்டால் "சொல்லுக்கு எவ்வளவு" என்று கேட்கிறார்கள்

கேள்வி: ஆம்பூர்ல இருந்து அஞ்சு வருஷமா ஃப்ரீலான்ஸா ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பு செய்றேன். தோல் பதனிடும் ரசாயனங்களோட பாதுகாப்புத் தாள், ஷூ மெஷின் கையேடு, இதுதான் அதிகம். இப்ப ஒரு கம்பெனியில முழுநேர வேலைக்குப் போகணும். ரெக்ரூட்டருக்கு மெயில் போட்டா, ஒரு சொல்லுக்கு எவ்வளவு வாங்குறீங்கன்னுதான் பதில் வருது. மெயில்ல என்ன எழுதணும்?

பதில்:

அதே பதில் எனக்கும் வந்திருக்கிறது. காட்பாடியில் வீட்டிலிருந்தபடி ஏழு வருடம் மருத்துவ ஆவணங்களை மொழிபெயர்த்தேன். பிறகு முழுநேர வேலை கேட்டு ஒன்பது இடங்களுக்கு மெயில் போட்டேன். ஐந்து இடங்களிலிருந்து பதிலே இல்லை. மற்ற நான்கும் ஒரே மாதிரி பதில் அனுப்பின: வென்டார் படிவம். பான் எண், வங்கிக் கணக்கு, சொல்லுக்கு விலை, மணிக்கு விலை, கூடவே கையெழுத்துப் போட ஒரு ரகசிய ஒப்பந்தம். நான் ஊழியராகச் சேரக் கேட்டேன், அவர்கள் என்னை வெளியாள் பட்டியலில் சேர்க்கத் தயாரானார்கள்.

மொழிபெயர்ப்பு நிறுவனங்களில் இரண்டு வாசல் உண்டு. ஆள் எடுப்பது எச்.ஆர், ஃப்ரீலான்சர்களைப் பட்டியலில் சேர்ப்பது வென்டார் பிரிவு. மெயிலை முதலில் பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது, மொழிபெயர்ப்பு வேலையும் தெரியாது. மேலோட்டமாகப் படித்து, எந்த வாசலுக்கு உரியது என்று முடிவு செய்து, அங்கே தள்ளிவிடுகிறார். வென்டார் பக்கம் போன மெயில் எச்.ஆருக்குத் திரும்பி வருவது அரிது. ஆகவே வென்டார் படிவம் வந்தால், உங்கள் திறமையை யாரும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு அனுப்பியதாக நினைக்காதீர்கள். மெயில் தவறான வாசலுக்குப் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவள் என் சித்தி மகள். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் எச்.ஆரில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நான் அனுப்பிய மெயிலை அவளிடம் காட்டினேன். படித்து முடித்து, "இன்னாக்கா இது, இதுல நீ வேலையே கேக்கலியே. வெலைதான் சொல்லியிருக்க" என்றாள்.

அந்த மெயில் இப்படித் தொடங்கியது: "நான் அனுபவம் வாய்ந்த ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர். தரமான மொழிபெயர்ப்புச் சேவையை உரிய நேரத்தில் வழங்கி வருகிறேன். இதுவரை 18 லட்சம் சொற்களுக்கு மேல் முடித்திருக்கிறேன். என் கட்டணம் பேசி முடிவு செய்யலாம்." சேவை, கட்டணம், சொற்கள் என்று ஒவ்வொரு வார்த்தையும் வாடிக்கையாளரிடம் பேசும் வார்த்தை. ஏழு வருடம் அப்படியே எழுதிப் பழகியதால் எனக்கு அது கண்ணில் படவே இல்லை. முழுநேரம் வேண்டும் என்ற செய்தி கடைசிப் பத்தியில், "நீண்ட கால வாய்ப்பு இருந்தால் மகிழ்ச்சி" என்ற உருவத்தில் ஒளிந்திருந்தது. ஃப்ரீலான்சர் எல்லோரும் எழுதும் வரிதான் அது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அன்றே புதிதாக எழுதினேன். அனுப்பியது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் தருகிறேன்.

> பொருள்: விண்ணப்பம் – முழுநேர ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பாளர் பணி, மருத்துவம், 7 ஆண்டு அனுபவம்
>
> வணக்கம். நீங்கள் அறிவித்திருக்கும் ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பாளர் பணியில் முழுநேர ஊழியராகச் சேர விண்ணப்பிக்கிறேன்.
>
> ஏழு ஆண்டுகளாக மருந்து ஆய்வுகளின் ஒப்புதல் படிவங்களையும் நோயாளிகளுக்கான கையேடுகளையும் தமிழாக்கி வருகிறேன். ஒரு நாளில் 2,200 ஆங்கில மூலச் சொற்களை மொழிபெயர்ப்பேன். பிறர் செய்ததைத் திருத்துவது என்றால் 6,000. ட்ராடோஸ், மெமோக்யூ மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் இரண்டிலும் வேலை செய்கிறேன்.
>
> ஒரே வாடிக்கையாளருக்கு நான்கு ஆண்டுகளாகத் தமிழ்க் கலைச்சொல் பட்டியலைப் பராமரிக்கிறேன். அதில் இப்போது 640 சொற்கள் உள்ளன. இன்னும் மூன்று மொழிபெயர்ப்பாளர்கள் அதை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். 'அட்வர்ஸ் ஈவென்ட்', 'சைட் எஃபெக்ட்' இரண்டுக்கும் 'பக்கவிளைவு' என்றே இருந்ததைப் பிரித்து, பழைய படிவங்களிலும் திருத்தினேன்.
>
> வெளியிலிருந்து செய்யும்போது கோப்பை அனுப்பியதோடு என் பங்கு முடிந்துவிடுகிறது. ஓர் ஆவணம் நோயாளி கைக்குப் போகும்வரை கூட இருந்து பார்க்கும் வேலை எனக்கு வேண்டும்.
>
> காட்பாடியில் வசிக்கிறேன். சென்னைக்குக் குடிவரத் தயார். கையிலுள்ள வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த மாதம் முதல் தேதி சேரலாம். சேர்ந்தபின் வெளி வேலை எடுக்க மாட்டேன்.
>
> சுயவிவரமும் 300 சொற்களில் ஒரு மாதிரி மொழிபெயர்ப்பும் இணைத்துள்ளேன்.

இவ்வளவுதான். போனில் திறந்தால் இரண்டு தள்ளலில் முடிந்துவிடும்.

18 லட்சம் சொற்கள் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். ஏழு வருடக் கூட்டுத்தொகை எச்.ஆருக்கு எந்த விதத்திலும் பயன்படாது. ஒரு இருக்கைக்குச் சம்பளம் கொடுத்தால் ஒரு நாளில் எவ்வளவு வேலை வெளியே வரும் என்பதுதான் அவர்கள் கணக்கு. பொதுவாக நாளுக்கு 2,000 முதல் 2,500 சொற்கள் வரை எதிர்பார்ப்பார்கள். அதில் 'மூலச் சொற்கள்' என்று போட மறக்காதீர்கள். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாக நிற்பது தமிழில் 'மருத்துவமனையிலிருந்து' என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். தமிழ்ச் சொற்களை எண்ணிச் சொன்னால் உங்கள் வேகம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும்.

மெயிலின் உயிர் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. ஃப்ரீலான்சராக இருந்தபடியே அலுவலக ஊழியர் செய்யும் வேலை ஒன்றைச் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு அது அத்தாட்சி. எனக்கு அது கலைச்சொல் பட்டியல். அந்த இரண்டு சொற்களின் கதை இது. மருந்து ஆய்வில் சேர்ந்த ஒருவர் ஆய்வு நடக்கும் காலத்தில் பைக்கிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டால், அதுவும் பதிவு செய்யவேண்டிய 'அட்வர்ஸ் ஈவென்ட்'. மருந்தால் வந்ததா என்பது அடுத்த கேள்வி. அதைப் 'பக்கவிளைவு' என்று எழுதினால், படிக்கிறவர் மருந்துதான் காரணம் என்று எடுத்துக்கொள்வார். ஒரு முறை எங்கள் தமிழ்ப் படிவத்தை, மூல ஆவணத்தைப் பார்க்காத வேறொருவர் திரும்ப ஆங்கிலமாக்கினார். மருத்துவ ஆவணங்களில் இது வழக்கமான சரிபார்ப்பு. மூலத்தில் வேறு வேறாக இருந்த இரண்டு சொற்களும் 'சைட் எஃபெக்ட்' என்று ஒன்றாகத் திரும்பி வந்தன. அன்றைக்குத்தான் தவறு புலப்பட்டது. 'பாதகமான நிகழ்வு' என்று தனிச்சொல் வைத்து, பழைய கோப்புகளையும் மொழிபெயர்ப்பு நினைவகத்தையும் திருத்தினோம். நினைவகத்தைத் திருத்தாமல் விட்டிருந்தால் பழைய 'பக்கவிளைவு' அடுத்த கோப்பில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும்.

மெயிலில் இது ஒரே வாக்கியம்தான். எச்.ஆருக்கு முழுவதும் புரியாமல் போகலாம். ஆனால் அவர் அதை மொழிக்குழுத் தலைவருக்கு அனுப்புவார், அவர் அந்த வரியில் நிற்பார். எனக்கு வந்த நேர்காணலில் முதல் கேள்வியே அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான்.

அந்தப் பத்தியில் வாடிக்கையாளர் பெயர் இல்லாததைக் கவனியுங்கள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பெயரைச் சொன்னால் இவர்களுடைய ரகசியத்தையும் இப்படித்தான் சொல்வோம் என்று நினைப்பார்கள். அதே காரணத்தால் வாடிக்கையாளரின் கோப்பை மாதிரியாக இணைக்கக் கூடாது, பெயரை அழித்துவிட்டுக்கூட. உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் டெங்கு பற்றிப் பொதுமக்களுக்கென்று இருக்கும் பக்கத்திலிருந்து 300 சொற்களை எடுத்துப் புதிதாக மொழிபெயர்த்து, மூலமும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்படி வைத்தேன். கோப்புப் பெயர் `Sample_EN-TA_Medical.pdf`. பெயரிலேயே மொழியும் துறையும் இருந்தால் பிறகு தேடி எடுக்கச் சுலபம்.

ஊர், சேரும் தேதி, வெளி வேலை, இந்த மூன்றும் அவர்கள் வாய்விட்டுக் கேட்காத சந்தேகங்கள். வேலூர்ப் பக்கத்து ஆள் என்றால் 'தினமும் காட்பாடியில் ரயில் ஏறி வருவாரா, ஆறு மாதத்தில் விட்டுவிடுவாரா' என்று யோசிப்பார்கள். குடிவருவேன் என்று உண்மையிலேயே முடிவு செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள். வெளி வேலை விஷயமும் அப்படித்தான். பணி ஒப்பந்தத்தில் அது பெரும்பாலும் நிபந்தனையாகவே வரும். வருமானம் நிலையாக இல்லை என்பதைக் காரணமாக எழுத வேண்டாம். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் அவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

சம்பளத்தை அவர்களே பிறகு கேட்பார்கள். சம்பள ரசீதும் பழைய கம்பெனியின் பணி விடுவிப்புக் கடிதமும் நம்மிடம் இருக்காது. மூன்று வருட வருமான வரிக் கணக்கும், வாடிக்கையாளர்கள் வரி பிடித்தது தெரியும் 26AS படிவமும் எடுத்து வையுங்கள். என்னிடம் கேட்டது அவைதான்.

உங்கள் மூன்றாவது பத்திக்கு வருவோம். உங்கள் கையில் இருப்பது நல்ல சரக்கு. ரசாயனப் பாதுகாப்புத் தாளில் 16 பிரிவுகள் இருக்கும். ஆபத்தின் அளவைக் காட்ட 'டேஞ்சர்', 'வார்னிங்' என்று இரண்டே அடையாளச் சொற்கள், அதில் 'டேஞ்சர்' கடுமையானது. இரண்டையும் 'எச்சரிக்கை' என்று போட்டிருக்கும் தமிழ்த் தாள்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றைப் பிடித்து 'அபாயம்', 'எச்சரிக்கை' என்று பிரித்திருந்தால், எத்தனை தாள்களில், எந்த வருடத்திலிருந்து என்று எண்ணி, அதையே எழுதுங்கள். ஷூ மெஷின் கையேட்டில் ஒரு பாகத்துக்கு ஆம்பூர்த் தொழிலாளர்கள் சொல்லும் பெயரைக் கேட்டு வந்து போட்டிருந்தால் அதுவும் ஆகும். இரண்டில் எதைப் பற்றி நேர்காணலில் பத்து நிமிடம் தடுமாறாமல் பேச முடியுமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பி ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் தொடர்ச்சியாக இரண்டு வரி நினைவூட்டல் போதும். வென்டார் படிவம் வந்தால் அதை நிரப்பாமல், "நான் விண்ணப்பித்தது ஊழியர் பணிக்கு, இதை எச்.ஆருக்கு அனுப்ப முடியுமா" என்று கேளுங்கள். எனக்கு வேலை கிடைத்தது அப்படி ஒரு பதிலுக்குப் பிறகுதான்.