லோண்டரியோடு ஒப்பந்தத்தை முடிப்பது எப்படி?

கேள்வி: உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறேன். பெட்ஷீட், துவாய் கழுவ ஒரு லோண்டரியோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது. முடிப்பதென்றால் 30 நாள் எழுத்து மூல அறிவித்தல் என்று அதில் உண்டு. அவர்கள் பிந்தித்தான் கொண்டுவருகிறார்கள், துணியும் காணாமல் போகிறது. தொடங்கும்போது 50,000 ரூபா முற்பணம் கொடுத்தேன். இப்போது 96,000 ரூபா பில் நிலுவை. அதைக் கொடுக்காமல் நாளையோடு நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். அவர்கள் ஒப்பந்தத்தை மீறியதால் உடனே முடிக்கிறேன் என்று சொன்னால், அந்த மீறல் ஒப்பந்தத்தின் அடிப்படையையே குலைத்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சில நாள் பிந்தியது அந்த அளவுக்கு வராது என்று நீதிமன்றம் கருதினால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அந்த 30 நாள் வருமானத்தை அவர்கள் உங்களிடம் கேட்கலாம். காரணமே சொல்லாமல் முடிக்கும் வழி கையில் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

அறிவித்தல் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: எந்த ஒப்பந்தம், எந்த வாசகத்தின்படி, எந்தத் திகதியோடு முடிகிறது. குறைகளை அதில் அடுக்க வேண்டாம். "இதுவரை எழுந்த உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை" என்ற ஒரு வரி போதும். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் ஒன்று அனுப்புங்கள். கையிலும் ஒன்று கொடுத்து, பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். நாள் எண்ணுவது எப்படி என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால், அவர்கள் கையில் கிடைத்த மறுநாளிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. செப்டம்பர் 1 கிடைத்தால் ஒக்டோபர் 1 கடைசி நாள்.

இனி ஒப்படைப்பு. இந்த வகை வழக்குகளில் மனிதர்கள் தடுமாறும் இடம் இதுதான். மூட்டையாக எடுத்து மூட்டையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்தில், எத்தனை துணி போனது என்பதற்கு இரு பக்கமும் அத்தாட்சி இருக்காது. அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்தே ஒவ்வொரு முறையும் பிரித்து எண்ணி, எண்ணிக்கையை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, நீங்களும் அவர்களும் கையொப்பமிடுங்கள். கடைசி அழுக்குத் துணியை முடிவுத் திகதிக்கு நாலைந்து நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். பிறகு பழைய துண்டுகளை வைத்து ஒரு ஒப்படைப்புத் தாள் எழுதுங்கள்: கொடுத்தது, வந்தது, வராதது. "எல்லாம் சரியாகக் கிடைத்தது" என்று அச்சிட்ட தாளை அவர்கள் நீட்டினால், குறைவை அதிலேயே கையால் எழுதிய பிறகுதான் கையொப்பம் வையுங்கள். வெறுமனே வைத்துவிட்டால் பின்னர் கேட்பது மிகவும் கடினம்.

காசு விடயத்தில் இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டம் ஒரு கோடு போடுகிறது. தொகை நிச்சயமாகி, செலுத்த வேண்டிய நாளும் வந்த கடன்களைத்தான் ஒன்றுக்கொன்று கழிக்க முடியும். ஒப்பந்தம் முடிந்ததும் முற்பணம் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தால், அந்த 50,000 அப்படிப்பட்டது. 96,000இல் கழித்தால் 46,000 மிஞ்சும். காணாமற்போன துணியின் பெறுமதி அப்படியல்ல. 18 பெட்ஷீட்டும் 11 துவாயும் குறைவதாக வைப்போம். பெட்ஷீட்டுக்கு 2,000, துவாய்க்கு 800 என்று ஒப்பந்தத்தில் விலை இருந்தாலோ, அவர்கள் அதை ஏற்றுக் கையொப்பமிட்டாலோ 44,800ஐயும் கழிக்கலாம். கொடுக்க வேண்டியது 1,200 மட்டுமே. ஏற்காவிட்டால் நீங்களாக வெட்டிவிட முடியாது. பாவித்த துணிக்குப் புதுத் துணியின் விலை கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அறிவித்தல் மாதத்துப் பில்லும் வழக்கம்போல இந்தக் கணக்கில் சேரும்.

அப்படி இழுபறி வந்தால் 46,000ஐக் காசோலையால் செலுத்தி, துணிக் கோரிக்கை தனியே நிற்கிறது என்று கடிதத்தில் எழுதுங்கள். இது வெறும் கண்ணியத்துக்காக மட்டுமல்ல. கழுவிய கூலி கிடைக்கும்வரை அந்தத் துணியைத் தன்னிடம் வைத்திருக்க லோண்டரிக்கு உரிமை உண்டு. கூலியைக் கட்டிவிட்டால் அந்த உரிமை போய்விடும். உங்கள் துணியைத் தடுத்துவைக்க அவர்களிடம் காரணம் இருக்காது. "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்ற பற்றுச்சீட்டில் மட்டும், துணிக் கணக்கு முடியாமல் கையொப்பமிட வேண்டாம்.

எழுத்து மூல ஒப்பந்தத்தின் கீழ் வழக்குத் தொடர 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதியாதல் கட்டளைச் சட்டம் ஆறு வருடம் தருகிறது, அவசரப்படத் தேவையில்லை. ஆனால் இந்த அளவுத் தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது; முதலில் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே போகும்போது இரு பக்கமும் கையொப்பமிட்ட துண்டுகளையும் ஒப்படைப்புத் தாளையும் கொண்டுபோங்கள்.