ரெஸ்யூமேயை அழிக்கச் சொல்லும் முன், அது யாரிடம் போனது என்று கேளுங்கள்

ஒரே ஒரு வேலைக்காகப் பெங்களூரு கன்சல்டன்சி ஒன்றுக்கு எட்டு மாதங்களுக்கு முன் ரெஸ்யூமே அனுப்பினேன். இன்றுவரை என்னைக் கேட்காமலே பல நிறுவனங்களுக்கு அதை அனுப்புகிறார்கள். “என் விவரங்களை உடனே அழித்துவிடுங்கள்” என்று ஒரு வரி எழுதினால் போதுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

அந்த ஒரு வரியை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். உங்கள் பதிவை அவர்கள் உண்மையாகவே அழித்துவிட்டால், ரெஸ்யூமே எந்தெந்த நிறுவனத்துக்குப் போனது என்ற குறிப்பும் அதோடு சேர்ந்து அழிந்துபோகும். பிறகு நீங்கள் யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே முதலில் பட்டியலையும், அடுத்து நிறுத்தத்தையும், கடைசியில் அழிப்பையும் கேளுங்கள். மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் இப்படி எழுதலாம்:

“என் ரெஸ்யூமேயை எந்தெந்த நிறுவனங்களுக்கு, எந்தப் பணிக்காக, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். இன்றுமுதல் யாருக்கும் அதை அனுப்ப நான் சம்மதிக்கவில்லை. பட்டியலைத் தந்தபின், உங்கள் தரவுத்தளத்திலும் ஊழியர்களின் அஞ்சல்பெட்டி, எக்செல் கோப்பு, வாட்ஸ்அப் குழு ஆகியவற்றிலும் உள்ள படிகளை அழித்து, அழித்த தேதியைத் தெரிவிக்கவும்.”

இதன் கீழே நீங்கள் இதுவரை பயன்படுத்திய எல்லாக் கைப்பேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் குறிப்பிடுங்கள். பழைய எண்ணில் ஒன்றும் புதிய எண்ணில் ஒன்றுமாக ஒருவருக்கே இரண்டு பதிவுகள் இருப்பது சாதாரணம். ஒன்றை அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள்.

அழித்துவிட்டதாகப் பதில் வந்தது. மூன்று மாதம் கழித்து அதே இடத்திலிருந்து மீண்டும் அழைக்கிறார்கள். பொய் சொன்னார்களா? (சென்னை வாசகி)

பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வேலைவாய்ப்புத் தளத்தில் உங்கள் விவரம் இன்னும் திறந்திருந்தால், வேறொரு ரெக்ரூட்டர் அதைப் புதிதாகத் தரவிறக்கியிருப்பார்; முழுவதும் அழித்துவிட்ட நிறுவனத்துக்கு நீங்கள் வேண்டாம் என்று சொன்னதே நினைவிருக்காது. எனவே மின்னஞ்சல் முகவரியையும் எண்ணையும் மட்டும் “தொடர்புகொள்ளக் கூடாதவர்கள்” பட்டியலில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கும்படி கேளுங்கள். தளத்திலும் உங்கள் விவரம் தேடலில் தெரியாதபடி மாற்றிவிடுங்கள்.

அழைப்பவரிடம் கையிலுள்ள ரெஸ்யூமேயில் கடைசி வேலையாக என்ன இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். நீங்கள் தளத்தில் மாற்றிவிட்ட பழைய விவரத்தைச் சொன்னால், அழிக்கப்படாத படி எங்கோ கிடக்கிறது என்று பொருள்.

ஒரு நிறுவனத்துக்கு நேரடியாக விண்ணப்பித்தேன். “இரண்டு மாதத்துக்கு முன்பே ஒரு கன்சல்டன்சி வழியாக வந்துவிட்டீர்கள்” என்று மறுத்துவிட்டார்கள். அந்தக் கன்சல்டன்சி என்னைக் கேட்கவே இல்லை. (மதுரை வாசகர்)

இங்கே கன்சல்டன்சி தன் பதிவை அழிப்பதால் பயன் இல்லை. கிளையன்ட் நிறுவனத்தில் இருப்பது தனிப் பதிவு. அதை அவர்களிடமே கேட்டாக வேண்டும். அதோடு, ஒரு விண்ணப்பதாரரை முதலில் அனுப்பிய கன்சல்டன்சிக்கே குறிப்பிட்ட காலம்வரை கட்டணம் சேரும் என்ற ஒப்பந்தம் இருவருக்கும் இடையே இருக்கும். அது பல இடங்களில் ஆறு மாதம், சில இடங்களில் ஒரு வருடம். உங்களைச் சேர்த்தால் கட்டணத் தகராறு வரும் என்பதே மறுப்பின் காரணம்.

உங்கள் சம்மதம் எழுத்தில் இருந்தால் காட்டும்படி கன்சல்டன்சியிடம் கேளுங்கள். ஒழுங்கான இடத்தில் நிறுவனத்தின் பெயரையும் பணியையும் குறிப்பிட்டு, “என் சார்பில் அனுப்பச் சம்மதிக்கிறேன்” என்று உங்களிடம் பதில் அஞ்சல் வாங்கியிருப்பார்கள். அது இல்லையென்றால், சம்மதமின்றி அனுப்பியதை ஒப்புக்கொண்டு விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகக் கிளையன்ட் நிறுவனத்துக்கு எழுதச் சொல்லுங்கள். நீங்களும் அங்குள்ள மனிதவளப் பிரிவுக்குத் தேதிகளோடு எழுதுங்கள். ஏற்பது அவர்கள் முடிவுதான். ஆனால் அந்தக் கடிதம் கட்டணத் தகராறு பற்றிய அவர்கள் அச்சத்தைப் பெருமளவு குறைக்கும்.

மறுத்தால் சட்டம் உதவுமா? (திருச்சி வாசகர்)

இந்தியாவின் 2023 ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தரவு யார் யாருக்குப் போனது என்று அறியவும், அழிக்கக் கோரவும் உரிமை உண்டு. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. இந்த உரிமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் குறிக்கப்பட்டது, அதாவது 2027 மே. அதற்குமுன் எழுதுபவர்கள் அந்த நிறுவனம் தன் தளத்தில் வெளியிட்டிருக்கும் தனியுரிமைக் கொள்கையின் வரியையே மேற்கோள் காட்டி, குறைதீர் அலுவலருக்கு எழுதுவது நல்லது. வேறொரு சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவை அப்போதும் அவர்கள் அழிக்க வேண்டியதில்லை.

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே நிலைமை என்ன? (வாசகி)

உங்கள் நிலை மேல். ஏஜென்சி பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் தகவல் ஆணையர் அலுவலகத்தில் முறையிடலாம். ஆனால் அங்குள்ள வேலைவாய்ப்பு ஏஜென்சி விதிகள் சில பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்வதால், “முழுதும் அழிக்க இயலாது” என்று பதில் வந்தால் அது சாக்காக இருக்க வேண்டியதில்லை. எதை, எதுவரை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; ரெஸ்யூமேயைப் பிறருக்கு அனுப்புவதை நிறுத்த அது தடையல்ல.