கோயில் நகை சரிபார்ப்பை நாம் பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலில் நகை சரிபார்ப்பு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பார்கள், நாம் போய் நிற்கலாமா?

அறநிலையத் துறைக் கோயில் என்றால், 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படியான சொத்துப் பதிவேடுதான் அடிப்படை. துறையின் நகை சரிபார்ப்பு அலுவலர் மதிப்பீட்டாளருடன் வந்து, ஒவ்வொரு நகையையும் எடை போட்டு, உரைகல்லில் தரம் பார்த்து, கற்களை எண்ணிப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்.

உதாரணமாக, பதிவேட்டில் 100 கிராம் உள்ள பதக்கம் 98 வந்தால் உடனே திருட்டு என்று சொல்லிவிட முடியாது. தேய்மானம் இருக்கலாம், உள்ளே அடைத்த அரக்கு உதிர்ந்திருக்கலாம். எடை சரியாக இருந்து கல்லோ தரமோ மாறியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

செயல் அலுவலர், அறங்காவலர், நகைப் பொறுப்பாளர் உடனிருப்பார்கள். சரி, பக்தர்கள்? அறிவிப்பில் அனுமதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் செயல் அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.